மூலிகை ஐகானின் வெளிச்சம்

ஏழு வாசல் விளையாட்டின் சர்வரை வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு நிறுத்தப்போகிறார்கள் என்ற செய்தியை எனக்கு அனுப்பியது நீரஜாதான். செய்திக்குக் கீழே, "சௌஜன்யா அக்கா, எங்க வீட்டுக்கு வாங்க. எல்லாரும் வரணும். சாக்கு சொன்னா நேர்ல வந்து இழுத்துட்டு வருவேன்" என்று எழுதியிருந்தாள்.

எல்லாரும் என்றால் நாங்கள் நான்கு பேர். நீரஜா, அவள் அண்ணன் கொண்டல், ஸ்ரீகர், நான். கொண்டல் இப்போது புனேயில் இருக்கிறான். ஸ்ரீகர் விளையாட்டைப் பெரிய கம்பெனி ஒன்றுக்கு விற்றுவிட்டு மாதாப்பூரில் வேறு ஏதோ தொழில் செய்கிறான். அதே ஊரில் இருந்தும் நானும் அவனும் பார்த்துக்கொண்டு வருஷக்கணக்காகிவிட்டது. பிறந்தநாளுக்கு ஒரு வாழ்த்து, அதற்கு ஒரு கைகூப்பு, அவ்வளவுதான்.

அப்போதெல்லாம் அப்படி இல்லை. கூகட்பல்லியில் ஒரு டிபன் கடைக்கு மேலே, இரண்டு அறை வாடகை வீட்டில்தான் ஏழு வாசலைக் கட்டினோம். காலையில் பெசரட்டு வாசனை படியேறி வரும், மத்தியானம் வரைக்கும் போகாது. கொண்டல் படம் வரைவான். ஸ்ரீகர் சர்வர் வேலையும் சத்தங்களும் பார்ப்பான், கூடவே முதலாளி. திரையில் விரல் படுகிற இடமெல்லாம் என் பொறுப்பு. சனிக்கிழமைதோறும் வேலையை மூடிவைத்துவிட்டு, தெரிந்தவர்களைக் கூப்பிட்டு, நான்கு பேருக்கு நான்கு பேராக ஆடிப் பார்ப்போம். கோட்டை வாசலை ஒரு அணி காக்க வேண்டும், மற்றது உடைக்க வேண்டும்.

கொண்டலின் தங்கை நீரஜாவுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. டிகிரி முடித்துவிட்டு வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவள், சனிக்கிழமையானால் அண்ணனோடு வண்டியில் வந்து இறங்கிவிடுவாள். எப்போதும் மருத்துவச்சிப் பாத்திரத்தைத்தான் எடுப்பாள். அடிபட்டவனுக்கு மூலிகை போட்டுப் பிழைக்கவைக்கிற வேலை. ஒருமுறை போட்டால் எட்டு விநாடி கழித்துத்தான் மறுபடி போட முடியும்.

அவளைச் சேர்த்துக்கொண்ட அணி தோற்கும். தலையைக் குனிந்து மூலிகை ஐகானையே பார்த்து, டக்டக்கென்று தட்டிக்கொண்டே இருப்பாள். மேலே களத்தில் ஆட்கள் செத்து விழுவார்கள்.

"கொண்டல், உன் தங்கச்சி வைத்தியம் பாக்குறாளா, தானியம் கொத்துறாளா?" என்பான் ஸ்ரீகர்.

கொண்டல் அதைச் சைகையில் அவளுக்குச் சொல்வான். அவள் ஸ்ரீகரைக் காட்டி, கழுத்தை அறுப்பதுபோல் ஒரு சைகை செய்வாள். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படாது.

ஒரு சனிக்கிழமை, தோற்ற ஆட்டத்துக்குப் பிறகு நானே கேட்டேன். "ரெடியானதும் ஒரு தடவை தட்டினா போதுமே. ஏன் இத்தனை தடவை?"

அவள் எழுந்து போய் வெள்ளைப் பலகையில் எழுதினாள்: "ரெடியாச்சுன்னு எப்படித் தெரியும்?"

"மணி அடிக்கும்ல" என்று என் வாய் சொல்லிவிட்டது.

என் உதட்டைப் படித்துவிட்டாள். மூன்று பேரையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு எழுதினாள்: "மணி வேற இருக்கா? நல்லா இருக்கா?"

மூலிகை போட்டதும் ஐகான் மங்கலாகும், நேரம் முடிந்ததும் லேசாகத் தெளியும். அந்த வித்தியாசம் உற்றுப் பார்த்தால்தான் தெரியும். மற்றபடி எல்லாவற்றையும் மணியிடம் விட்டுவிட்டோம். அந்த ஐகானை வரைந்தவன் கொண்டல். அவன் முகத்தை அன்று நான் பார்க்காமல் இருப்பதே மரியாதையாக இருந்தது. நீரஜாதான் அவன் தலையில் மார்க்கர் பேனாவால் ஒரு தட்டு தட்டி, "மூஞ்சிய மாத்து" என்று சைகை காட்டினாள்.

மறுநாளே ஆரம்பித்தேன். ஐகான்மேல் கருப்பாக ஒரு மெல்லிய திரை. மூலிகை போட்டதும் முழு ஐகானையும் மூடும். பிறகு பன்னிரண்டு மணி இடத்தில் தொடங்கி, கடிகார முள் ஓடுகிற திசையில், வட்டமாக விலகிக்கொண்டே போகும். மிச்ச நேரத்தை மொத்த நேரத்தால் வகுத்தால் எவ்வளவு வருகிறதோ, வட்டத்தில் அவ்வளவு பங்குதான் இருட்டு.

அடுத்த சனிக்கிழமை நீரஜாவிடம் காட்டினேன். சர்வர் விநாடிக்கு ஒருமுறை மிச்ச நேரத்தை அனுப்ப, அதை அப்படியே திரைக்குக் கொடுத்திருந்தேன். இருட்டு எட்டுத் துண்டாகக் குதித்துக் குதித்துப் போனது.

"யாரோ அப்பளத்தைக் கடிச்சுக் கடிச்சு வைக்கிற மாதிரி இருக்காம்" என்றான் கொண்டல்.

"சரி, விநாடிக்கு இருபது தடவை அனுப்பச் சொல்லு" என்றேன் ஸ்ரீகரிடம்.

"சர்வர் என்ன உங்க மாமனார் வீட்டு ஆளா, கூப்பிட்டப்பல்லாம் ஓடி வர? ஏற்கெனவே மூச்சு வாங்குது" என்றான்.

யோசித்தால் அதற்குத் தேவையே இல்லை. 'இன்னும் எட்டு விநாடி' என்று சர்வர் ஒரே ஒருமுறை சொன்னால் போதும். முடிகிற நேரத்தைப் போன் தன் கடிகாரத்திலேயே குறித்துவைத்துக்கொண்டு, திரையில் ஒவ்வொரு சட்டகத்தை, அதாவது ஃபிரேமை, வரையும்போதும் மிச்சத்தைத் தானே கணக்குப் போட்டுக்கொள்ளும். அப்படி மாற்றியதும் இருட்டு தண்ணீர் வடிவதுபோல் வடிந்தது. நீரஜா ஐந்தாறு முறை மூலிகை போட்டு, ஆட்டத்தையே மறந்து, அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு பலகைக்குப் போனாள். "அழகா இருக்கு. ஆனா இன்னும் குனிஞ்சுதான் பாக்கணும். நீங்க மணியைக் குனிஞ்சா கேக்குறீங்க?"

அதுதான் சங்கதி. பார்க்காமலே தெரிய வேண்டும். திரை முழுதாக விலகியதும் ஐகான் ஒருமுறை பளிச்சென்று மின்ன வேண்டும் என்று தோன்றியது. நேராகப் பார்க்காத இடத்திலும் திடீர் வெளிச்சத்தைக் கண்ணின் ஓரம் பிடித்துவிடும்.

மிச்ச நேரம் பூஜ்யமானால் மின்னு என்று எழுதினேன். மின்னவே இல்லை. இரண்டு சட்டகங்களுக்கு நடுவில் நேரம் பூஜ்யத்தைத் தாண்டிப் போய்விடுகிறது, மிகச்சரியாகப் பூஜ்யத்தில் வந்து நிற்பதே இல்லை. சரி, பூஜ்யமோ அதற்குக் கீழோ இருந்தால் மின்னு என்று மாற்றினேன். இப்போது ரெடியாக இருக்கிற நேரமெல்லாம் மின்னிக்கொண்டே, டியூப்லைட் மாதிரி வெள்ளையாக நின்றது. கொண்டல் தன் குளிர்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

"சும்மா இருடா" என்றேன். போன சட்டகத்தில் நேரம் மிச்சமிருந்து, இந்தச் சட்டகத்தில் இல்லாவிட்டால் மட்டும், ஒரே ஒருமுறை. அப்படி எழுதியதும் சரியாயிற்று. முழு வெள்ளையில் தொடங்கி, கால் விநாடியில் கரைந்துபோகிற வெளிச்சம். அதைவிடக் குறைத்தால் கண்ணுக்குத் தப்பியது, கூட்டினால் கொண்டல் வரைந்த துளசிக்கொத்து மறைந்தது.

ஸ்ரீகருக்கு இதெல்லாம் ஒப்பவில்லை. அந்த மணி அவன் பாட்டி வீட்டுப் பூஜை மணி, அவனே பதிவு செய்தது. "ஒருத்தருக்காக எல்லாருக்கும் பட்டாசு கொளுத்தணுமா? ஜனங்க கண்ணு கூசுதுன்னு திட்டப்போறாங்க" என்றான்.

நீரஜா பலகையில் எழுதினாள்: "இந்த வாரம் எல்லாரும் சத்தத்தை அணைச்சுட்டு ஆடலாம். அப்புறம் பேசலாம்."

ஆடினோம். அறையில் விசிறிச் சத்தமும் கீழே கரண்டிச் சத்தமும் மட்டும். ஸ்ரீகர் அவள் அணி, காவல்வீரன். கொண்டலும் நானும் எதிரணி. கடைசி வாசலில் ஸ்ரீகர் தனியாக நின்றான், உயிர் ஒரு கோடுதான் மிச்சம். நான் அம்பு விடப்போன நேரம், நீரஜாவைப் பார்த்தேன். அவள் குனியவில்லை. கண் களத்திலேயே இருந்தது. இடது கட்டைவிரல் மட்டும் ஒருமுறை, ஒரே ஒருமுறை அசைந்தது. ஸ்ரீகர் பச்சையாக ஒளிர்ந்து நிமிர்ந்தான். எட்டு விநாடி கழித்து மறுபடியும். வாசல் விழவில்லை.

ஸ்ரீகர் போனை மடியில் வைத்துவிட்டு அவளையே பார்த்தான். அவனுக்குச் சைகையில் தெரிந்ததெல்லாம் அவள் அவனைத் திட்டுவது மட்டும்தான். அதனால் எழுந்து பலகைக்குப் போய், எழுதியெழுதி அழித்து, கடைசியில் "தேங்க்ஸ் டாக்டர்" என்று எழுதினான். மணியையும் எடுக்கவில்லை, மின்னலையும் எடுக்கவில்லை. விளையாட்டு வெளிவந்தபோது பஸ்ஸிலும் வகுப்பிலும் சத்தத்தை அணைத்துவைத்து ஆடுகிற பிள்ளைகள்தான் முக்கால்வாசிப் பேர் என்று தெரிந்தது. வெளிச்சத்தைக் குறை சொல்லி ஒருவரும் எழுதவில்லை.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டுதான் வெள்ளிக்கிழமை உப்பலில் நீரஜா வீட்டுப் படி ஏறினேன். வங்கியில் அதிகாரியாகிவிட்டாள், முன்நெற்றியில் நரை. கொண்டல் சகினாலு முறுக்கு நிறைந்த தட்டை மடியில் வைத்துக்கொண்டு, புனேயில் எதுவுமே கிடைப்பதில்லை என்று புலம்பிக்கொண்டிருந்தான். ஸ்ரீகர் கடைசியாக வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே நீரஜாவிடம் சைகையில் ஏதோ பேசினான். தடுமாற்றமில்லாமல் பேசினான்.

"எப்ப கத்துக்கிட்ட?" என்றேன்.

"கம்பெனிய வித்தப்புறம். ஞாயித்துக்கிழமை காலையில கிளாஸ் போனேன். உன்கிட்ட சொல்லணும்னு நெனச்சேன், அப்புறம் பேச்சே விட்டுப்போச்சு."

"பேச்சை விட்டது யாரு?"

"ரெண்டு பேரும்தான்" என்றான். சண்டைக்குக்கூட இடமில்லாத குரல்.

நான்கு பேரும் ஒரே அணியாக ஆடினோம். எதிரில் யாரோ நான்கு பேர், அவர்களும் கடைசி நாளுக்காக வந்தவர்களாக இருக்க வேண்டும், சண்டை போடாமல் வாசலில் நின்று குதித்துக்கொண்டிருந்தார்கள். நீரஜா யாருக்கும் தேவைப்படாத மூலிகையை எல்லார்மேலும் போட்டுக்கொண்டிருந்தாள். எதிரணிமேலும் போடப் பார்த்தாள், விளையாட்டு விடவில்லை.

ஆறு மணிக்கு ஆட்கள் அப்படியே சிலையாக நின்றார்கள். சர்வர் போய்விட்டது. ஆனால் அவள் அப்போதுதான் மூலிகை போட்டிருந்தாள். ஐகானின் இருட்டு மட்டும் எதுவும் நடக்காததுபோல் வடிந்துகொண்டிருந்தது. நாலு தலையும் அந்தச் சின்ன வட்டத்துக்கு மேல் கூடின. முழுதும் விலகி, பளிச்சென்று மின்னி, துளசிக்கொத்து தெளிவாக நின்றது. கூடவே ஸ்ரீகரின் மணியும் அடித்தது. நீரஜா தட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் இணைப்பு இல்லை என்ற பலகை வந்து எல்லாவற்றையும் மறைத்தது.

அவள் ஸ்ரீகரைப் பார்த்துச் சைகை செய்தாள். இந்தமுறை கொண்டல் வாய் திறக்கும் முன்பே ஸ்ரீகர் சொன்னான்: "டாக்டர் ரெடியாம். பேஷன்ட்தான் வீட்டுக்குப் போயிட்டாங்களாம்."

சிரிக்க ஆரம்பித்தவன் பாதியில் கண்ணைத் துடைத்துக்கொண்டான். நீரஜா அவன் முதுகில் ஒரு அறை கொடுத்துவிட்டு, டீ போட உள்ளே போனாள்.

"அடுத்த சனிக்கிழமை நீ என்ன பண்ற?" என்று ஸ்ரீகர் என்னிடம் கேட்டான்.

"ஒண்ணும் இல்ல" என்றேன். உண்மையில் இருந்தது. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றியது.