எழுதாமல் ஓர் இடம்

குன்றிமணி மழலையர் பள்ளியின் விஜயதசமி சேர்க்கை அறிவிப்பைப் பிரவீனா போனிலிருந்து அழிக்கவில்லை. யுவஸ்ரீ தூங்கும்போதெல்லாம் திறந்து படித்தாள்.

"முதல் குழந்தையை முதன்முதலாக அனுப்பப் போகும் உங்களுக்கு" என்று அது தொடங்கியது. "பயமாக இருக்கும். இங்கே வந்த எல்லோருக்கும் இருந்தது. விஜயதசமியன்று காலையில் குழந்தையை அழைத்து வாருங்கள். தட்டும் பச்சரிசியும் சிலேட்டும் நாங்கள் தருகிறோம். அம்மா, அப்பா, தாய்மாமன், யார் மடி அதற்குப் பழக்கமோ அந்த மடியில் உட்காரட்டும். அன்று எழுதிச் சேருகிறவர்களுக்குச் சேர்க்கைக் கட்டணம் இல்லை. பருவக் கட்டணம் மட்டும், அதையும் இரண்டு தவணையாகத் தரலாம். இரண்டரை வயது நிறைந்திருந்தால் போதும். பிறப்புச் சான்றிதழ் நகல், தடுப்பூசி அட்டை, குழந்தையின் படம் கொண்டு வாருங்கள். ஆதார் பிறகு தரலாம். டயபர் இன்னும் விடவில்லையா, மாற்றுத்துணி வைத்து அனுப்புங்கள். இந்த நாள் வேண்டாம் என்று தோன்றினால் ஜூனில் வாருங்கள், எதுவும் கெட்டுப்போகாது. முதல் வாரம் ஒரு மணி நேரம்தான் வகுப்பு. நீங்களும் உள்ளே உட்காரலாம். அடுத்த வாரம் வாசலில் இருங்கள். ஒன்றே ஒன்று கேட்கிறோம். குழந்தை கவனிக்காத நேரம் பார்த்து நழுவிப் போகாதீர்கள். அழுதாலும் சொல்லிவிட்டுப் போங்கள்."

அந்தக் கடைசி வரிக்கு வந்ததும் அவள் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவாள்.

அவள் கணவன் சந்தோஷ்குமார் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் டிரில்லர். மழைக்காலம் முழுக்கத் திருச்செங்கோட்டில் வீட்டோடு இருந்தான். யுவஸ்ரீ அவன் வயிற்றின்மேல்தான் தூங்கினாள். மழை விட்டதும் வண்டி சத்தீஸ்கருக்குக் கிளம்பியது. குழந்தை அழுவாள் என்று அவள் தூங்கும்போது போனான். எழுந்தவள் கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தாள். கதவுக்குப் பின்னால் பார்த்தாள். அழவில்லை. அதற்குப் பிறகு பிரவீனா குளிக்கப் போனால்கூடக் கதவருகிலேயே உட்கார்ந்திருந்தாள். பேச்சும் குறைந்துபோனது.

தெருவில் பகலில் ஆளிருக்காது. எல்லோரும் தறிக்கூடத்துக்குப் போய்விடுவார்கள். அந்த வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இரண்டு பேர். குழந்தைக்கு மற்ற குழந்தைகள் வேண்டும் என்று பிரவீனாவுக்குத் தெரிந்தது. அந்த ஒரு மணி நேரம் பிள்ளையைச் சுமக்காமல் தன் இடுப்பு என்ன செய்யும் என்பதுதான் தெரியவில்லை.

"ஏனுங்க, விஜயதசமிக்குச் சேத்துடலாமுங்களா?" என்று போனில் கேட்டாள்.

"நானில்லாமயா?" என்றான் சந்தோஷ்குமார். பின்னால் கம்ப்ரஸர் இரைந்தது. "பொறந்தப்ப ராய்ப்பூர்ல கெடந்தேன். நடந்தத வீடியோல பாத்தேன். எழுதறதாவது எம் மடில ஆவட்டும் புள்ள. ஜூன்ல வண்டி வந்துருமல்ல."

"அன்னிக்கு ஒரு நாள் வர முடியாதுங்களா?"

"ஆயுத பூசை போட்டு, மறுநாள் நல்ல நேரத்துல புதுப் பாயிண்ட்ல போர் எறக்கணும். டிரில்லர் இல்லாம ரிக்குக்கு யாரு, நீ வாரியா?"

அவள் சிரித்தாள். அவன் சிரிப்பும் கேட்டது. போனை வைத்தபின் அவனுடைய 'ஆவட்டும்' மட்டும் நெஞ்சில் நின்றது. தனக்கென்று எதையும் கேட்கிற ஆளில்லை அவன்.

விஜயதசமியன்று யுவஸ்ரீக்குப் பட்டுப்பாவாடை கட்டிவிட்டு, சான்றிதழ் நகலைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். வழி முழுக்க யோசித்து ஒரு உபாயம் கண்டுபிடித்திருந்தாள்.

பள்ளி ஒரு வாடகை வீடு. கூடத்தில் சரஸ்வதி படம், விளக்கு, வரிசையாகத் தாம்பாளங்களில் பச்சரிசி. செருப்பையும் போனையும் வாசலிலேயே வைக்கச் சொன்னார்கள். படமெடுக்கிற வெளிச்சம் அடித்தால் பிள்ளைகள் மிரளும் என்று. பள்ளியை நடத்தும் உஷாராணி ஐம்பது வயதுக்காரர், அறிவிப்பின் மென்மைக்குப் பொருந்தாத கணீர்க் குரல்.

"எழுதாம சேத்துக்க முடியுங்களா டீச்சர்?" என்று பிரவீனா தணிந்து கேட்டாள். "எடம் மட்டும் போட்டு வெச்சுக்கங்க. எழுதறத இவங்கப்பா ஜூன்ல வந்து எழுத வெச்சுக்குவாரு."

உஷாராணி அவளைப் பார்த்தார். "ரிக்குங்களா?"

"ஆமாங்க."

"இந்த ஊருல எனக்கு இது புதுசில்லீங்க. போன வருசம் ஒருத்தர் புள்ள எழுதிறக் கூடாதுன்னு வெரலுக்குத் துணி சுத்திக் கூட்டியாந்தாங்க." அவர் சிரிக்கவில்லை. "சேத்துக்கறேன், கட்டணமும் வேண்டாம். வந்ததுதான் கணக்கு. ஆனா சாமி, உள்ள போனா இவ சும்மா இருப்பாளான்னு பாத்துக்கங்க."

யுவஸ்ரீ ஏற்கெனவே இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கியிருந்தாள். ஒரு தாத்தா மடியில் ஒரு பையன் மோதிரத்தில் தொட்ட தேனை நக்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஒருத்தி வீறிட்டு அழுதாள். அவள் தாய்மாமன், "அழுவாத கண்ணு, எனக்கும் எழுத வராது" என்று சமாதானம் செய்துகொண்டிருந்தார். யுவஸ்ரீ எல்லாவற்றையும் கடந்து யாரும் உட்காராத ஒரு தாம்பாளத்தின் முன் போய் நின்றாள். திரும்பித் தாயைப் பார்த்தாள். உட்கார் என்று தரையைத் தட்டினாள்.

பிரவீனா உட்கார்ந்தாள். குழந்தை மடியில் ஏறிக்கொண்டு கையை அரிசிக்கு நீட்டியது. பிரவீனா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா வரட்டும் சாமி."

குழந்தை மறு கையை நீட்டியது. அதையும் பிடித்தாள். இரண்டு சிறு முஷ்டிகள் அவள் உள்ளங்கைக்குள் முட்டின. யுவஸ்ரீ அழுதாள். அப்பன் போன காலையில் அழாத அழுகை இங்கே வந்தது. பிரவீனாவின் மார்புக்கூட்டில் அது அதிர்ந்தது. கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்த பிள்ளைக்கு இன்றைக்கும் ஒன்றைக் காட்டி, இல்லை என்று நான் பிடுங்குகிறேனே என்று நினைத்தாள். அவனுக்காகச் சேர்த்து வைப்பதாக எண்ணிக்கொண்டிருந்தாள். சேர்த்து வைக்கக்கூடியது எதுவும் அந்தத் தாம்பாளத்தில் இல்லை.

கையை விட்டாள்.

உஷாராணி எதிரே வந்து சம்மணமிட்டு அமர்ந்தார். குழந்தையின் நாவில் தேன் தடவினார். "உங்க கையால புடிங்க. அழுத்தாதீங்க, அவ போற பக்கம் கொஞ்சம் வுட்டுக்குடுங்க" என்றார். பிரவீனா சுட்டுவிரலைப் பிடித்தாள். அரிசி விலகித் தட்டின் பித்தளை தெரிந்தது. ஒரு சுழி, ஒரு வளைவு, நிமிர்ந்த ஒரு கோடு. அ. கோட்டை முடிக்குமுன் யுவஸ்ரீ கையை உருவி, தானே இன்னொன்று கிறுக்கினாள். எழுத்தில்லை. எதிரே உஷாராணியின் முகம் மலர்ந்தது.

சாயங்காலம் சந்தோஷ்குமார் அழைத்தான். பிரவீனா சொல்லிவிட்டாள். எதையும் மறைக்கவில்லை, கையைப் பிடித்து நிறுத்தியதைக்கூட.

"எப்ப?" என்றான்.

"பத்துக்கு மேல இருக்குமுங்க."

"நாங்களும் அப்பத்தான் தேங்கா ஒடச்சு எறக்கனோம்" என்றான். "எனக்கோசரம் புள்ளையோட கையவா புடிச்ச?"

"ஆமாங்க."

"அப்பறம் வுட்டுட்டயே, அதுவரைக்கும் செரி." மூச்சு விட்டான். "எழுதறப்ப மொகம் எப்படி இருந்துச்சு? அதச் சொல்லு."

பிரவீனா நினைத்துப் பார்த்தாள். உச்சி வகிடு ஞாபகம் வந்தது. கழுத்தோரம் வியர்வையில் ஒட்டிய முடி, தோளின் சிறு அசைவு. அவ்வளவுதான்.

"எனக்குத் தெரியலீங்க" என்றாள். "மடில இருந்தா. முதுகுதான் எம் பக்கம்."

ஜூனில் அவன் மடியில் உட்கார்ந்திருந்தாலும் அவனுக்கும் அந்த வகிடுதான் கிடைத்திருக்கும் என்று சொல்ல நினைத்தாள். சொல்லவில்லை.

"டீச்சரு எதுக்க இருந்தாங்கல்ல," என்றான் அவன். "நாளைக்கு உள்ள போயி உக்காரறப்பக் கேளு. கேட்டு எனக்குச் சொல்லு."