பொறுப்பு: நிர்வாகம்

இலங்கையில், பியகமவில் எங்கள் ஆடைத் தொழிற்சாலையின் ஊழியர் சபைக் கூட்டம் மாதத்தின் முதல் செவ்வாய் நடக்கும். குறிப்பு எழுதுகிறவள் நான்தான். பதினோரு வருஷமாக என் கையெழுத்தைக் குறை சொன்னவர் கிடையாது, அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் உண்டு.

அன்று போன மாதக் குறிப்பை வாசித்தேன். "துணி தேய்க்கும் அயன் பகுதி நிலூகா ஆறு மாதக் கர்ப்பிணி. உட்கார்ந்து செய்யும் நூல் வெட்டும் வேலைக்கு மாற்றுவது என்று முடிவு. பொறுப்பு: நிர்வாகம். காலம்: விரைவில்."

நிலூகா எதிரே இருந்தாள். செருப்புக்குள் நுழையாத அளவுக்குப் பாதம் வீங்கியிருந்தது.

"இன்னும் நின்னுக்கிட்டுதான் இருக்கேன், ஸ்ரியா அக்கா."

உற்பத்தி மேலாளர் அபேகோன் சேர் உடனே, "அது ஷெஹானி மிஸ் வேலைன்னு இருந்தேன்," என்றார்.

"நல்லாருக்கே! லைன்ல ஆள் மாத்துறது நீங்கதானே சேர்? நான் உங்க கடிதத்துக்குக் காத்துக்கிட்டிருக்கேன்," என்றார் மனிதவள அதிகாரி ஷெஹானி மிஸ்.

இருவரும் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்குச் சுருக்கென்றது. பெயர் எழுத வேண்டிய இடத்தில் 'நிர்வாகம்' என்று எழுதியவள் நான். தேதி கேட்கச் சங்கடப்பட்டு 'விரைவில்' என்று முடித்தவளும் நான்.

"அந்தப் பக்கத்துல இப்ப பேரைச் சேர்த்துடுங்களேன் அக்கா. யாரு பாக்கப் போறா?" என்றார் சேர்.

"நிர்வாகம், ஊழியர் ரெண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டாச்சு சேர். அதுல இனி ஒரு புள்ளிகூட வைக்க மாட்டேன். இன்னைக்குக் குறிப்புல எழுதுறேன். முடிவு நிறைவேறல, பொறுப்பாளர் பேரை நான் பதியல."

"உங்க தலையில நீங்களே மண்ணு போட்டுக்குறீங்களா?"

"என் தலைதானே. சரி, பொறுப்பு யாரு?"

"எங்க ரெண்டு பேரையும் போடுங்க," என்றார் சேர்.

"ரெண்டு பேர் போட்டா மறுபடியும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டு இருப்பீங்க. ஒரு பேர் சொல்லுங்க."

பேனாவை மூடி வைத்துவிட்டேன். அடுத்த விஷயம் கேன்டீன் குழம்பு, அதற்காகவே வந்த நாலு பேர் நெளிந்தார்கள்.

"என் பேரைப் போடுங்க," என்றார் சேர் கடைசியில். "வெள்ளிக்கிழமைக்குள்ள."

"வெள்ளி வரைக்கும் இந்தக் காலோட நீங்க நிப்பீங்களா சேர்?" என்றாள் நிலூகா.

அவர் அவள் பாதத்தை அப்போதுதான் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"நாளை காலை ஏழரை. எழுதுங்க."

எழுதினேன், உரக்க வாசித்தேன், அங்கேயே கையெழுத்து வாங்கினேன்.

மறுநாள் ஏழு இருபத்தெட்டுக்கு நூல் வெட்டும் மேசைக்குப் போனேன். அபேகோன் சேர் அவருடைய அறை நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். அங்கே இருந்தவை முதுகு சாய்க்க முடியாத முக்காலிகள்தான், கூட்டத்தில் அது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

நிலூகா உட்கார்ந்தாள். சாய்ந்தாள். கத்தரிக்கோலைக் கையில் எடுத்தாள்.

அதற்குப் பிறகுதான் குறிப்பேட்டில் 'முடிந்தது' என்று எழுதினேன்.