தோளோடு நின்ற கைகள்

அந்த வகுப்பில் கைகள் இரண்டு உயரங்களில் எழுந்தன. முன்வரிசைக் கைகள் காதைத் தாண்டிக் கூரையை எட்ட முயன்றன. பின்வரிசைக் கைகள் தோளோடு நின்றன. ஆசிரியர் பார்த்தால் அது கை உயர்த்தியதாகும். பாராவிட்டால் கழுத்தைச் சொறிந்ததாகும். இவ்வளவு நுட்பமான ஏற்பாட்டை இந்தப் பிள்ளைகளுக்கு எந்தப் பாடநூல் கற்பித்தது என்று நான் வியந்தேன். வியப்புக்கு முன்னர் கோபம் வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

போர் முடிந்து நான்காம் ஆண்டு அது. கரைத்தீவில், கடலையொட்டிய களப்பின் நீர்ப்பரப்பைப் பார்த்தபடி நிற்கும் அந்தப் பாடசாலையில் தமிழாசிரியர் இல்லாமையால், ஓய்வுபெற்றிருந்த என்னைப் பத்தாம் வகுப்புக்கு அழைத்திருந்தார்கள். தமிழ்த்தினப் பேச்சுப் போட்டிக்கு அவ்வகுப்பிலிருந்து ஒருவரை அனுப்புவதாக இருந்தது. வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து ஆசிரிய ஆலோசகர் ஒருவர் வந்து, வகுப்பறையிலேயே கேள்வி கேட்டு அந்த ஒருவரைத் தெரிவுசெய்வார்.

அந்த ஒருவர் றிஃப்னாவாகவே இருக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அவளுடைய கட்டுரைகளில் எழுவாயும் பயனிலையும் ஒன்றையொன்று தேடி அலைவதில்லை. அவளுடைய குடும்பம் தொண்ணூறாம் ஆண்டில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்தது. அவள் பிறந்ததோ இங்கேதான். பின்வரிசையில், ஜன்னலோரத்தில் அமர்ந்திருப்பாள். ஒருநாள் கேள்வியொன்றுக்கு அவளுடைய கை தோள்வரை வந்தது. பெயர் சொல்லி அழைத்தேன்.

"தெரியல்ல சேர்."

முந்தின நாள் அதே விடையை அழகாக எழுதித் தந்தவள் அவள்! இடைவேளையில் மறித்துக் கேட்டேன். "பேச்சுப் போட்டிக்குப் போக உனக்கு விருப்பமில்லையா?"

"விருப்பந்தான் சேர். ஆனா பேசுறது முன்னுக்கு இரிக்கிறவங்கட வேலயில்லையா?"

"அப்படி யார் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லல்ல." களப்புத் தண்ணீர் உப்பு என்பதை யாராவது சொல்லித்தான் தெரிய வேண்டுமா என்பது போல என்னைப் பார்த்தாள்.

விசாரித்தேன். இடம்பெயர்ந்தவர்களின் பிள்ளைகள் முதன்முதலில் வந்தபோது வகுப்பில் இடமில்லை. அவர்கள் உட்காரவென்று பின்னால் வாங்குகள் போட்டார்களாம். பிற்பாடு முன்னால் இடம் காலியான ஆண்டுகளிலும் தம்பி அண்ணனின் வாங்குக்கும், தங்கை அக்காவின் வாங்குக்குமே போனார்கள். போகும்படி எவரும் கட்டளையிடவில்லை. பாடத்திட்டக் கையேட்டின் முதற் பக்கத்திலோ, 'சமத்துவ மனப்பாங்கை வளர்த்தல்' என்னும் நோக்கம் தடித்த எழுத்தில் அச்சாகியிருந்தது. அச்சுக்கூலி வீண்!

ஒரு காலையில் வகுப்பாசிரியை மர்ளியா வந்த பஸ் பழுதாகி வழியில் நின்றுவிட்டது. கூச்சலை எதிர்பார்த்து வகுப்புக்குச் சென்ற நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். ஆசிரியர் இல்லாமலே வகுப்பு நடந்துகொண்டிருந்தது. பின்வரிசை ஹவ்வா தரையைக் கூட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அடுத்தவள் கரும்பலகையைத் துடைத்தாள். உப்பளக்காரர் முத்தலிபுவின் மகன் ஃபாஹிம் ஆசிரியரின் கதிரையில் அமர்ந்து கணக்குக் கேட்டான். முன்வரிசைத் தோழன் தடுமாறியபோது, "யோசிச்சுப் பாருங்க, உங்களுக்கு ஏலும்" என்று காத்திருந்தான். பின்வரிசையில் ஒருத்தி எழுந்து வாயைத் திறக்கும் முன்னரே, தலையைச் சற்றுச் சாய்த்துக் கனிவாகச் சிரித்து, "பரவாயில்ல, இரிங்க" என்றான்.

தலைச்சாய்வு, கனிவு, சிரிப்பு, மூன்றும் மர்ளியாவுடையவை. தான் கேட்ட கணக்கின் சூத்திரத்தையே தவறாகச் சொல்லிக்கொண்டிருந்த அந்தப் பையன், அவர் ஒருநாளும் கற்பிக்காததை அணுவும் பிசகாமல் கற்றிருந்தான்.

மர்ளியாவிடம் சொன்னபோது அவர் முகம் சிவந்தது. "நான் பாகுபாடு காட்டினேனா சேர்? அதுகள் எல்லாருக்கும் முன்னால வெக்கப்படக் கூடாதெண்டுதானே கெதியா, எழும்பின உடனேயே இருக்கச் சொல்றேன்."

"அந்த இரக்கத்தைத்தான் அவர்கள் பாடமாக்கியிருக்கிறார்கள். இவர்களிடம் விடை எதிர்பார்ப்பதற்கில்லை என்று முன்வரிசையும், நம்மிடம் எதிர்பார்க்கவில்லை என்று பின்வரிசையும் மனனம் செய்துவிட்டன."

மறுநாள் அவர், இந்த வகுப்பில் எல்லாரும் சமம் என்று உருக்கமாகப் பேசினார். பேச்சின் நடுவே ஹவ்வா ஓசையின்றி எழுந்து போய், ஆசிரியருக்கு ஒரு கோப்பை தண்ணீர் கொண்டுவந்து மேசைமேல் வைத்துவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பினாள். அவளை எவரும் அனுப்பவில்லை. மர்ளியா அந்தத் தண்ணீரைப் பார்த்தார். தொடங்கிய வாக்கியத்தை அவர் முடிக்கவேயில்லை.

அதன்பின் அவர் பேசுவதை விட்டார். வெறும் பால்மா டின் ஒன்றில் எல்லாருடைய பெயர்களையும் துண்டுகளில் எழுதிப் போட்டார். விடை சொல்வதற்கும், கூட்டுவதற்கும், எந்த வாங்கில் இருப்பது என்பதற்கும் டின்னிலிருந்து ஒரு பெயர். பெயர் வந்தவர் எழுந்து நின்றால் உதவமாட்டார், கண்ணால் நெருக்கவுமாட்டார். ஜன்னல் பக்கம் திரும்பிக் களப்பைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பார்.

முதல்முறை றிஃப்னாவின் பெயர் வந்தபோது, களப்பில் ஒரு தோணி ஜன்னலின் ஒரு கம்பியிலிருந்து மறுகம்பிக்கு நகர்ந்துவிட்டது. வகுப்பு சிரித்தது. மர்ளியா திரும்பவில்லை. சிரிப்பு அடங்கிய பிறகு, பின்னாலிருந்து ஒரு வாக்கியம் வந்தது. மெலிந்த, நடுங்கிய வாக்கியம், ஆனால் முழுமையானது.

ஃபாஹிமின் பெயர் கூட்டுவதற்கு வந்த மறுநாளே முத்தலிபு வாசலில் நின்றார்.

"டீச்சர், எண்ட உப்பளத்துல கூட்டுறதுக்கு ஆள் இரிக்கி. மகன நான் இங்க கூட்டவா அனுப்பினேன்?"

"டின்னுல பேர் வந்திச்சு, முத்தலிபு நானா. இண்டைக்கு எண்ட பேர் வந்திரிக்கி." மர்ளியாவின் கையில் விளக்குமாறு இருந்தது. "காலக் கொஞ்சம் எடுங்க."

அவர் காலை எடுத்தார். "டீச்சர்ட பேருமா டின்னுக்குள்ள?" என்று முணுமுணுத்தபடி படியிறங்கினார்.

ஆலோசகர் வந்த நாளில் மர்ளியா பயிற்சிப் பட்டறைக்குச் சென்றிருந்தார். றிஃப்னாவின் கை எந்த உயரத்தில் நிற்குமோ என்ற கவலையுடன் நான் பின்னால் ஒரு கதிரையில் அமர்ந்திருந்தேன். அன்று அவளுக்குக் கிடைத்திருந்ததும் பழைய பின்வரிசை ஜன்னலோரம்தான். முன்வரிசையில் ஃபாஹிம்.

"நமது ஊரின் சிறப்பைப் பற்றி யார் பேசுவீர்கள்?" என்று கேட்ட ஆலோசகர், விடைக்குக் காத்திராமல் பழக்கதோஷத்தில் ஃபாஹிமை நோக்கி விரல் நீட்டினார். "நீர் சொல்லும்."

ஃபாஹிம் எழுந்தான். "சேர், கை தூக்கினது நானில்ல. பின்னுக்குப் பாருங்க."

றிஃப்னாவின் கை காதைத் தாண்டி நின்றது.

அவள் எழுந்தாள். "எந்த ஊர் சேர்? எண்ட உம்மா வாப்பாட ஊரா, நான் பிறந்த ஊரா?"

ஆலோசகர் திகைத்தார். அவளுடைய உதடு துடிப்பதைக் கண்டு இரங்கி, தலையைச் சாய்த்து, "பரவாயில்லை மகள்..." என்று தொடங்கினார்.

அப்போது அது நடந்தது. முதலில் ஃபாஹிம், பிறகு ஹவ்வா, பிறகு அத்தனை பிள்ளைகளும் ஒருவரும் சொல்லாமலே ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். வகுப்பு முழுவதும் களப்பைப் பார்த்தது. ஒருவரும் சிரிக்கவில்லை, ஒருவரும் திரும்பி அவளை நெருக்கவுமில்லை. ஆலோசகரும் அங்கே என்னதான் இருக்கிறது என்று எட்டிப் பார்த்தார். உப்புக்காற்று உள்ளே வந்து போனது. இப்படிக் காத்திருக்கும்படி மர்ளியா இவர்களுக்கு ஒரு சொல்லும் சொன்னதில்லை.

"ரெண்டு ஊரப் பத்தியும் சொல்றேன்" என்றாள் றிஃப்னா.

சொன்னாள். பார்த்திராத மன்னாரின் கிணறு ஒன்றைப் பற்றியும், பிறந்த ஊரிலேயே 'எந்த ஊர்?' என்று கேட்கப்படுவதைப் பற்றியும் சொன்னாள். ஒருமையும் பன்மையும் இரண்டிடங்களில் மோதின. எனக்குத் திருத்த வாய் எழவில்லை.

ஆலோசகர் அவளுடைய பெயரை எழுதிக்கொண்டார். வாசலில் என்னைத் தனியே அழைத்து, "நல்ல பிள்ளை. ஆனால் சேர், பேச்சு நடக்கும்போது வகுப்பே வெளியே பராக்குப் பார்க்கிறது. ஒழுங்கை யாரும் படிப்பிக்கவில்லையா?" என்றார்.

"இல்லை," என்றேன். "ஒருவரும் படிப்பிக்கவில்லை."