பன்னிரண்டு மணிவரை

1936 மார்ச் 13, வெள்ளிக்கிழமை, முற்பகல் பத்தே முக்கால் மணி. மேகமில்லாத கொடும் வெயில். கோச்சடையிலிருந்து நடந்தே வந்த ஜெயக்கொடி, ஜனகராஜின் ஜவுளிக்கடை வாசலில் நின்றாள். இலவசத் தையல் மெஷினுக்கான குலுக்கல் சீட்டுப் பெட்டியின் வாய் அரக்கால் அடைபட்டிருந்தது.

அவள் தைத்துவந்த வாடகை மெஷினை உரியவர் முந்தின நாள் எடுத்துப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணத்துக்கான ரவிக்கைத் துணிகள் வெட்டியபடி வீட்டில் கிடந்தன. அவை தைபடாவிட்டால் இனி ஒருவரும் அவளிடம் துணி கொடுக்கமாட்டார்கள்.

அவளுக்கு முன்னால் வந்த இருவர், முணுமுணுத்துக்கொண்டே திரும்பிப் போனார்கள்.

“ராகு காலத்துல முத்திரை வச்சா கடைக்கு ஆகாதும்மா. பத்தரைக்கு முன்னாலயே வச்சுட்டேன்” என்றார் ஜனகராஜ்.

“நோட்டீசுல பன்னண்டு மணிவரைன்னுதானே போட்டிருக்கு?”

வாசலில் நின்று வேடிக்கை பார்த்த காளை என்ற இளைஞன், “ராகுவுக்கும் ஒரு சீட்டு எழுதிப் போட்டிருங்கண்ணே” என்றான். ஜனகராஜ் சிரிக்கவில்லை.

நோட்டீசின் விதிகள் தெளிவானவை. எதுவும் வாங்க வேண்டியதில்லை. ஒருவருக்கு ஒரே சீட்டு. கடையைச் சேர்ந்தவர்களும் அவர்களுடைய உறவினரும் கலந்துகொள்ளலாகாது. வெள்ளி பகல் பன்னிரண்டு மணிவரை சீட்டுகள் பெறப்படும். பன்னிரண்டரைக்கு நடுவர் வக்கீல் வெங்கடரமணன் எல்லார் முன்னிலையிலும் ஒரு சீட்டை எடுப்பார். அதற்குரியவர் மெஷினை அப்போதே கொண்டுபோகலாம். தகராறு எழுந்தால், நடுவர் கையெழுத்திட்ட தீர்ப்பே முடிவு.

ஜெயக்கொடி நகரவில்லை. வக்கீல் வந்து இறங்கியதும் முறையிட்டாள். தன் பேச்சு எடுபடாதோ என்ற பயத்தில் சாட்சிக்கும் வழி தேடினாள்.

“என்னை மட்டுமில்லைங்கய்யா. என் கண்ணு முன்னாலயே இன்னும் ரெண்டு பேரைத் திருப்பி அனுப்பிட்டாங்க.”

வக்கீல் ஜனகராஜைப் பார்த்தார். அவர் மறுக்கவில்லை. திரும்பிப் போனவர்கள் யார், எந்த ஊர் என்று கடையில் ஒருவருக்கும் தெரியவில்லை. வக்கீல் மேசையில் அமர்ந்து காகிதம் கேட்டார்.

இன்றைக்குக் குலுக்கலே நடக்காமல் போகலாம் என்பது ஜெயக்கொடிக்கு அப்போதுதான் விளங்கியது. மெஷின் அவளுக்கு மூன்று முழத் தூரத்தில்தான் இருந்தது.

“என் சீட்டையும் போட்டு இப்பவே எடுத்திருங்கய்யா. எனக்கு விழாட்டிப் போகட்டும்.”

“போன ரெண்டு பேரை எங்கேம்மா தேடுறது? அவங்களுக்கும் பன்னண்டு மணிவரைன்னுதானே சொல்லியிருக்கு?”

ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணத்தைச் சொன்னாள். அவர் முழுதும் கேட்டார், எழுதுவதை நிறுத்தவில்லை. எழுதியதை உரக்கப் படித்தார்: குறித்த நேரத்துக்கு முன் பெட்டியை மூடியது தவறு. இன்று குலுக்கல் இல்லை. பெட்டியை உடனே திறந்துவைத்து, திங்கள் பகல் பன்னிரண்டு மணிவரை சீட்டுகளை வாங்க வேண்டும். இதுவரை விழுந்த சீட்டுகளும் செல்லும். செய்தியை இன்றே தமுக்கடித்து அறிவிக்க வேண்டும். திங்கள் பன்னிரண்டரைக்குக் குலுக்கல்.

திங்கள் நண்பகலில் ராகு காலம் இல்லை என்று ஜனகராஜ் ஆறுதலடைந்தார்.

வக்கீல் கையெழுத்திட்டார். முறையிட்டவளுக்கே முதல் பிரதி என்று சொல்லி, மை உலராத தாளை ஜெயக்கொடியின் கையில் கொடுத்தார்.