அறுபது மூடிகள்

எங்கள் வீட்டுப் பெயரில் போகும் கடிதம் எதுவும் என் கண்ணில் படாமல் போனதில்லை. சந்தியாகு மரைன் ஸ்டோர்ஸ் என் தாத்தா தொடங்கிய கடை. துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்குக் கயிறு, பெயின்ட், விளக்கு என்று எல்லாம் கொடுப்போம். கடிதங்கள் ஈமெயில் ஆன பிறகும் கடை முகவரியின் பாஸ்வேர்டு என்னிடம் மட்டும்தான் இருந்தது. என் தம்பி மகள் ஜெப்ஸி அந்த ஈமெயிலை எழுதியபோதும், அவள் எழுதித் தந்ததை அனுப்பியவன் நான்.

ஜெப்ஸி எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். இன்ஜின் அறைக்குள் தண்ணீர் ஏறினால் சத்தம் போட்டு எச்சரிக்கும் ஒரு கருவியை அவள் செய்திருந்தாள். மீன்பிடித் துறைமுகத்து விசைப்படகுச் சங்கத்தில் அதைக் காட்டியபோது முதலில் யாரும் காது கொடுக்கவில்லை. சங்கத் தலைவர் ஜெரால்டிடம் நான் போய்ப் பேசினேன். "நம்ம ரோச் அண்ணாச்சி சொல்லுதாருன்னா யோசிக்க என்ன இருக்கு" என்று சொல்லி அறுபது படகுகளுக்கு வைத்துப் பார்க்க ஒத்துக்கொண்டார். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து ஜூன் பதினைந்தாம் தேதி படகுகள் கடலுக்குப் போவதற்குள் கருவிகள் ஏறிவிட வேண்டும். அது நன்றாக அமைந்தால் மீதிப் படகுகளும் அவளுக்குத்தான். இந்த ஊரில் அவள் பெயர் நிற்குமா என்பது அந்த அறுபதில் இருந்தது.

கருவிக்கு ஒரு பெட்டி வேண்டும். உப்புத் தண்ணீர் உள்ளே போகக் கூடாது. ஜெப்ஸி தன் அறையில் இருக்கும் சிறிய முப்பரிமாண பிரிண்டரில் ஒரு மாதிரி செய்து பார்த்தாள். மூடி விரலால் அழுத்தியதும் சிக்கென்று உட்கார்ந்தது. ஆனால் அந்தப் பிளாஸ்டிக் வெயிலுக்கு நிற்காது, அறுபது செய்ய இரண்டு மாதமாகும். அதனால் கோயம்புத்தூரில் உள்ள ஒரு முப்பரிமாண பிரிண்டிங் நிறுவனத்துக்கு எழுதினாள்.

மே இருபத்தைந்தாம் தேதி அவள் எழுதித் தந்த ஈமெயில் இன்னும் எனக்கு மனப்பாடம். பொருள்: பன்னிரண்டாம் ரக நைலான், கருப்புச் சாயம் ஏற்றி, மேற்பரப்பை மூடி வழவழப்பாக்கியது. டாலரன்ஸ்: எல்லா அளவுகளிலும் கூட்டியோ குறைத்தோ 0.3 மில்லிமீட்டர் வரை இருக்கலாம். எண்ணிக்கை: அடிப்பெட்டி அறுபது, மூடி அறுபது. டெலிவரி: ஜூன் பத்துக்குள் தூத்துக்குடி கடை முகவரிக்கு. அதற்குக் கீழே கடைசியாக ஒரு வரி: 'மூடிக்கும் பெட்டிக்கும் நடுவில் பக்கத்துக்கு 0.1 மில்லிமீட்டர் இடைவெளி விட்டிருக்கிறேன். எங்கள் சிறிய மெஷினில் இது பொருந்தியது. உங்கள் முறைக்குப் போதுமா என்று பார்த்துச் சொல்லவும். வேண்டுமென்றால் ஃபைலை மாற்றி அனுப்புகிறேன்.'

அந்தக் கடைசி வரி எனக்குப் பிடிக்கவில்லை. கப்பல் கம்பெனிக்காரனே எங்களிடம் அளவு கேட்டு வாங்கிப் போவான். நாங்கள் காசு கொடுத்து வேலை வாங்கும் ஒருவனிடம், எங்கள் அளவு சரிதானா என்று நாங்களே கேட்பதா? அந்த வரியை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில், 'அளவுகள் இறுதியானவை. மாற்றம் எதுவும் வேண்டாம்' என்று சேர்த்து அனுப்பினேன்.

மறுநாள் பதில் வந்தது. 'ஃபைலில் உள்ளபடியே பிரிண்ட் செய்கிறோம். நீங்கள் கூறியபடி டிசைன் சரிபார்ப்பு தவிர்க்கப்படுகிறது.' மரியாதையான பதில் என்று நினைத்தேன். ஜெப்ஸி, "என்ன சொன்னாங்க பெரியப்பா" என்று கேட்டாள். "ஒத்துக்கிட்டான்" என்றேன்.

பார்சல் சொன்ன தேதியில், ஜூன் பத்தாம் தேதி மதியம் வந்தது. ஜெப்ஸி கடை மேசையில் வைத்தே பிரித்தாள். பெட்டிகள் கருப்பாக, அழகாக இருந்தன. ஒரு மூடியை எடுத்து வைத்து அழுத்தினாள். போகவில்லை. வேறொன்றை எடுத்தாள். அதுவும் போகவில்லை. உள்ளங்கையால் குத்தினாள். மூடி வளைந்து ஒரு மூலையில் மட்டும் இறங்கி, மறு மூலையில் எழும்பி நின்றது.

"சாயம் கெட்டியா ஏறிருக்குமோ" என்றேன்.

"சாயத்துக்குத் தடிமனே கிடையாது பெரியப்பா."

அறுபதையும் பார்த்தோம். நான்கு மட்டும் மூடின. அவள் வெர்னியர் அளவுகோலை எடுத்து, மூடாத ஒன்றை அளந்து தாளில் எழுதினாள். அடிப்பெட்டி ஃபைலில் உள்ளதைவிட 0.2 மில்லிமீட்டர் பெரிது. மூடி 0.15 சிறிது. விட்டிருந்த இடம் இரண்டு பக்கமும் சேர்த்து 0.2 தான். இரண்டு பாகமும் ஈமெயிலில் சொன்ன 0.3க்கு உள்ளே இருந்தன. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டிலும் குற்றமில்லை.

"அளவுல இருக்கு. ஆனா மூடாது" என்றாள். தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "நான் கேட்டுத்தானே எழுதுனேன்? இடைவெளி போதுமான்னு. எழுதுனேம்லா பெரியப்பா?"

நான் சிதறிக் கிடந்த மூடிகளை அடுக்க ஆரம்பித்தேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் போனை எடுத்து, கோயம்புத்தூர் நிறுவனத்தைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள்.

அந்தப் பக்கம் ஜெயபிரியா என்று ஒரு பெண் பேசினாள். ஜெப்ஸி அளவுகளை வாசித்தாள்.

"எல்லாம் டாலரன்ஸுக்குள்ளதானுங்க மேடம் இருக்கு."

"இருக்கும்மா. இடைவெளியப் பாத்துச் சொல்லுங்கன்னு நான் எழுதிருந்தேன். நீங்க ஒண்ணுமே சொல்லலியே."

"அப்படி எதுவும் இல்லீங்களே. ஒரு நிமிஷமுங்க, உங்க மெயில எடுக்கறேன்." விசைப்பலகைச் சத்தம் கேட்டது. பிறகு அவள் நிதானமாக வாசித்தாள். பொருள், டாலரன்ஸ், எண்ணிக்கை, டெலிவரி. "அப்புறம், 'அளவுகள் இறுதியானவை, மாற்றம் எதுவும் வேண்டாம்'னு இருக்குங்க. அதனாலதான் நாங்க செக் பண்ணலீங்க. அதையும் பதில்ல எழுதி அனுப்பிச்சிருக்கோம்."

ஜெப்ஸி என்னைத் திரும்பிப் பார்த்தாள். தண்ணீர் புகாமலிருக்க மூடிக்குள் வைப்பதற்காக வாங்கி, மேசை மேல் கிடந்த ரப்பர் வளையங்களை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சரிம்மா. தப்பு எங்க பக்கந்தான்" என்றாள். "மூடி மட்டும் திரும்பப் போட்டா எப்ப கிடைக்கும்?"

"அவசரமாப் போட்டாலும் பதினெட்டாம் தேதிக்கு முன்னால முடியாதுங்க மேடம். பிரிண்ட் ஆகி ஆறணும், சாயம் ஏத்தணும், அப்புறம் கூரியர்."

போனை வைத்த பிறகு ஜெப்ஸி என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எதையாவது சொல்லியிருப்பேன். அவள் ஓர் உப்புத்தாளை எடுத்து ஒரு மூடியின் உள்சுவரைத் தேய்க்க ஆரம்பித்தாள். நானும் ஓர் அரத்தை எடுத்து உட்கார்ந்தேன். நைலான் மரம்போல் தூளாக உதிரவில்லை. பஞ்சுபோல் பிசிறியது. இரண்டு மணி நேரத்தில் ஒரு மூடி உட்கார்ந்தது. அதை வாளித் தண்ணீரில் அமுக்கி வைத்தாள். சிறிது நேரத்தில் குமிழிகள் வந்தன. ரப்பர் வளையம் ஒட்டி அமரும் சுவர், தேய்த்ததில் மேடும் பள்ளமுமாகியிருந்தது.

"விடுங்க பெரியப்பா. கை கிழியும்."

"இன்னும் நாலு நாள் இருக்குல்லா?"

"நாலு நாள் தேச்சாலும் ஒழுகும்."

கடைத்தெருவில் கிடைக்கும் எலக்ட்ரிகல் பெட்டிகளை மறுநாள் வாங்கி வந்து பார்த்தோம். பேட்டரியோடு கருவி எதிலும் அடங்கவில்லை. எனக்குத் தெரிந்த கப்பல் கேப்டன்கள், கஸ்டம்ஸ் ஆட்கள், கோயம்புத்தூரில் மில் வைத்திருக்கும் ஒரு பழைய நண்பர் என எல்லோருக்கும் போன் செய்தேன். நான் ஒரு வார்த்தை சொன்னால் ஓடி வருபவர்கள். எல்லோரும் மரியாதையாகக் கேட்டார்கள். ஒரு மூடியை 0.15 மில்லிமீட்டர் பெரிதாக்க அவர்களில் யாராலும் முடியவில்லை.

பதினான்காம் தேதி மத்தியானம் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனோம். படகுகள் புதுப் பெயின்ட்டோடு நெருக்கியடித்து நின்றன. ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சங்கக் கட்டடத்தில் ஜெரால்டும் பத்துப் பன்னிரண்டு படகு உரிமையாளர்களும் இருந்தார்கள். ஜெப்ஸி மூடாத பெட்டி ஒன்றையும் மூடிய நான்கையும் மேசையில் வைத்தாள்.

"நாலுதான் ரெடி அண்ணாச்சி. மிச்சம் பதினெட்டாம் தேதிக்கு மேலதான்."

"பதினெட்டா?" ஜெரால்டு பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். "நாளைக்குக் கடலுக்குப் போக ஆரம்பிச்சா ஞாயித்துக்கெழம மட்டுந்தான் போட்டெல்லாம் கரையில சும்மா கெடக்கும். அன்னைக்கு எவன் இன்ஜின் ரூமத் தொறந்து குடுப்பான்? என்னம்மா ஆச்சு?"

"என் அளவுல தப்பு. இடைவெளி கம்மியா வச்சிட்டேன்."

"கம்ப்யூட்டர்ல பாத்தா எல்லாம் மூடத்தான் செய்யும்" என்று பாண்டியராஜ் என்ற படகு உரிமையாளர் சொன்னார். சிலர் சிரித்தார்கள். "எங்க போட்டுல பலகை அடிக்கிற ஆசாரிட்ட நாலு நாள் வேலை கத்துக்கம்மா."

ஜெப்ஸியும் அவர்களோடு சேர்ந்து சிரிக்கப் பார்த்தாள்.

நான் எழுந்தேன். "தப்பு அவளுது இல்ல. அவ சரியாத்தான் எழுதுனா. அளவப் பாத்துச் சொல்லுங்கன்னு கேட்டுருந்தா. அனுப்புத நேரத்துல அத எடுத்தவன் நான். மாத்தக் கூடாதுன்னு எழுதுனவனும் நாந்தான்."

நான்கு நாட்களாக நான் சொல்ல முடியாமல் வைத்திருந்தது வெளியே வந்துவிட்டது. இனி அவர்கள் என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும் என்று நிமிர்ந்து நின்றேன்.

ஜெரால்டு எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணாச்சி, உக்காருங்க. நீங்க இப்படித்தான் சொல்லுவீங்கன்னு எங்களுக்குத் தெரியும்."

"இல்ல ஜெரால்டு, நான் சொல்லுதது..."

"பாத்தியளாலே" என்று மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "தம்பி பிள்ளைய விட்டுக் குடுக்க மாட்டார். தான்தான் செஞ்சேன்னு ஏத்துக்கிடுதாரு. அந்த வீட்டு ஆளுங்க அப்படி."

"ஈமெயில் இருக்கு. வேணும்னா காட்டுதேன்."

"ஈமெயில வச்சு நாங்க என்ன செய்யப் போறோம் அண்ணாச்சி? மூடிதான் இல்லியே." அவர் குரலில் கோபமில்லை. "கொச்சில ஒரு கம்பெனிக்காரன் ரெடியா வச்சிருக்கானாம். அடுத்த தடைக்காலத்துல அவன்ட்டயே வாங்கிக்கிடுதோம். நீங்க மனசு வருத்தப்படாதீங்க. பிள்ளையவும் ஏசாதீங்க. சின்னப் பொண்ணு, படிச்சுக்கிடுவா."

ஜெப்ஸியிடம் திரும்பினேன். "நீ சொல்லு. உண்மையச் சொல்லு."

அவள் நான்கு பெட்டிகளையும் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். "சொன்னா மட்டும் என்ன பெரியப்பா" என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி.

யாரோ எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். இன்னொருவர் குளிர்ந்த சோடா வாங்கி வரச் சொன்னார். பாண்டியராஜ் என் முன்னால் வந்து, தெரியாமல் கேலி பேசிவிட்டதாக மன்னிப்புக் கேட்டார், அவளிடமல்ல, என்னிடம். நான் மறுபடியும் வாயைத் திறந்தேன். எல்லோரும் பணிவோடு காத்திருந்தார்கள். நான் எதைச் சொன்னாலும் என் பெருமையோடுதான் சேர்த்துக்கொள்ளப் போகிறார்கள் என்பது தெரிந்தது.

ஜெப்ஸி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் வெயிலில் நின்றாள். சோடா வந்தது. உட்கார்ந்து குடித்தேன்.