இரண்டாம் இடமும் ஏழாம் இடமும்

பத்ருன்னிசாவிடம் ஒரு குழந்தை பனியனைக் கொடுத்தால் போதும். கழுத்தைப் பிடித்து ஓர் இழுப்பு, வெளிச்சத்துக்கு நேராக ஒரு பார்வை, தேறுமா தேறாதா என்று சொல்லிவிடுவாள். நல்லூரில் தங்கராஜின் பனியன் கம்பெனியில் பதினெட்டு வருஷமாகச் செக்கிங் பார்க்கிறாள். இப்போது அந்தப் பகுதிக்கே பொறுப்பு. அப்பேர்ப்பட்டவள் ஒரு வெப்சைட்டிடம் ஏமாறப் பார்த்தாள், அதுவும் பெற்ற பிள்ளையின் மூச்சு விஷயத்தில்.

மகள் ரைசாவுக்குப் பதின்மூன்று வயது, வீசிங் தொந்தரவு. வீட்டின் பின்சுவரை ஒட்டி நிட்டிங் மெஷின்கள் ஓடுகின்றன. ஜன்னலைச் சாத்தினாலும் பஞ்சுத் தூசி எப்படியோ உள்ளே வந்துவிடும். டாக்டர் மருந்தையும் இன்ஹேலரையும் எழுதிவிட்டு, "படுக்கிற ரூமுக்கு ஏர் ப்யூரிஃபயர் வச்சா கொஞ்சம் ஒத்தாசையா இருக்கும்மா. ஆனா கண்டதையும் வாங்கிடாதீங்க. ஓசோன் விடுற மெஷின் இவளுக்கு ஆகாது" என்றார். எது விடும், எது விடாது என்று பனியன் பார்க்கிறவளுக்கு என்ன தெரியும்? அந்தப் பயத்தோடுதான் போனில் தேடினாள்.

முதலில் வந்து நின்றது, குழந்தை உள்ள வீட்டுக்கான சாமான்களுக்கென்றே நடக்கும் ஒரு வெப்சைட். 'சிறந்த பத்து ஏர் ப்யூரிஃபயர்கள்: நாங்களே சோதித்துப் பார்த்தவை' என்று தலைப்பு. கீழே அழகாகக் கட்டம் போட்டு, தூசி நீக்கம் 99.4, சத்தம் 27.3 என்று புள்ளி வைத்த எண்கள். அதில்தான் விழுந்தாள் மகராசி. அவள் தொழிலில் ரிப்போர்ட்டில் ஓர் எண் இருக்கிறதென்றால், யாரோ துணியை வெட்டி, துவைத்து, அளந்து பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அளக்காமல் எண் எழுதுவார்களா என்ன? முதலிடத்தில் இருந்த மெஷினை வாங்குவதென்று முடிவு செய்துவிட்டாள்.

ஆன்லைனில் வாங்கிப் பழக்கமில்லை. அதனால் மத்தியானச் சாப்பாட்டு வேளையில் போனை எடுத்துக்கொண்டு ஆபீஸ் ரூமுக்குப் போனாள். கம்பெனியின் சொந்த பிராண்ட் குழந்தை பனியனை ஆன்லைனில் விற்கும் வேலை தேஜஸ்ரீயுடையது. இருபத்தைந்து வயதுப் பெண், கெட்டிக்காரி.

"இதை ஆர்டர் போட்டுக் குடு கண்ணு. ரைசாவுக்கு."

தேஜஸ்ரீ போனை வாங்கிப் பார்த்தாள். வாய்க்குக் கொண்டுபோன தயிர்சாதத்தை டிபன் பாக்ஸிலேயே திரும்ப வைத்தாள்.

"அக்கா, இந்த சைட்டை நம்பியா வாங்கறீங்க?"

"ஏன், எல்லாத்தையும் டெஸ்ட் பண்ணிப் போட்டிருக்காங்களே?"

அந்தப் பெண் அப்போது வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஆர்டரைப் போட்டுக் கொடுத்துவிட்டு மிச்சச் சாதத்தைச் சாப்பிட்டிருக்கலாம். யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் அவள் டிபன் பாக்ஸைத் தள்ளி வைத்துவிட்டு, அதே வெப்சைட்டில் இன்னொரு பக்கத்தைத் திறந்து காட்டினாள். 'சிறந்த பத்து குழந்தை பனியன்கள்.' இரண்டாம் இடத்தில் இருந்தது அவர்கள் கம்பெனி பனியன்.

பத்ருன்னிசாவுக்கு முதலில் பெருமைதான். அப்புறம் படித்தாள். 'பக்கவாட்டில் தையலே இல்லாத உருளைத் துணி. இருபது முறை துவைத்தும் கழுத்து தளரவில்லை.'

"பக்கத்துல தையல் இல்லியா? ரெண்டு பக்கமும் ஓவர்லாக் அடிச்சுத்தானே என்ற டேபிளுக்கு வருது. சரி, இவங்களுக்கு எப்ப சாம்பிள் போச்சு? என்ற கையெழுத்து இல்லாம ஒரு பீஸ் வெளிய போகாதே."

"போகலீங்க்கா. அவங்க கேக்கவே இல்ல. போட்டோவும் விலையும் மட்டும் கேட்டாங்க. அவங்க லிங்க் வழியா விக்கிற ஒவ்வொரு பீஸுக்கும் எட்டு பர்சன்ட் கமிஷன் குடுத்தா அஞ்சாவது இடம், பன்னெண்டு குடுத்தா ரெண்டாவது இடம்னு மெயில் போட்டாங்க. ஓனர் பன்னெண்டுக்குச் சரின்னுட்டாரு. போட்டோ அனுப்புனதே நான்தானுங்க்கா."

பத்ருன்னிசா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பார்க்காத பனியனுக்கு இவ்வளவு எழுதுகிறவன், பார்க்காத மெஷினுக்கு என்னதான் எழுத மாட்டான்? அந்த 99.4-ம் அப்படி வந்ததுதானே?

"அப்ப கமிஷன் வாங்கறவங்க எல்லாருமே பொய்தானா? நான் யாரைப் போய்க் கேப்பேன்?"

"அப்படிச் சொல்ல முடியாதுங்க்கா. கமிஷன் வாங்கியும் ஒழுங்கா எழுதறவங்க இருக்காங்க. கமிஷன் வருதுங்கறதை மறைக்காமச் சொல்றாங்களா, அவங்களே வாங்கி எடுத்த போட்டோ இருக்கா, எப்படி அளந்தோம்னு எழுதியிருக்காங்களா, எதையாவது வாங்காதீங்கன்னு சொல்றாங்களான்னு பாக்கோணும். இங்க பாருங்க, பத்துல ஒண்ணைக்கூடக் குறை சொல்லல."

அப்படி ஒன்றையும் தேடி எடுத்தாள். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர், மாதவன் என்று பெயர், தனியாளாக நடத்தும் சைட். பக்கத்தின் உச்சியிலேயே, இந்த லிங்க்கில் வாங்கினால் எனக்குக் கமிஷன் வரும் என்று எழுதியிருந்தது. மெஷின்களைக் கழற்றி ஃபில்டரைக் கையில் பிடித்த படங்கள், அவர் வீட்டு மேஜையில் எடுத்தவை. எந்த அளவு ரூமில், எத்தனை நிமிஷத்தில் தூசி எவ்வளவு குறைந்தது என்ற கணக்கு. அந்த முதலிடத்து மெஷினும் இருந்தது, 'வாங்க வேண்டாம்' என்ற தலைப்பின் கீழே. ஃபில்டர் நுண்தூசியைப் பிடிக்கும் ஹெப்பா அல்ல, 'ஹெப்பா மாதிரி'; உள்ளே அயனைசர் இருக்கிறது, அதை அணைக்க வழியில்லை, அது கொஞ்சம் ஓசோன் விடும், வீசிங் உள்ள வீட்டுக்கு வேண்டாம்.

டாக்டர் சொன்ன அதே வார்த்தை. இருந்தாலும் சூடு கண்டவளுக்குச் சட்டென்று நம்பிக்கை வருமா? படத்தையும் கணக்கையும் இவரும் ஜோடித்திருக்க மாட்டார் என்று என்ன நிச்சயம்?

"இவரு குழந்தை பனியன் பத்தி எழுதியிருக்காரா பாரு. எனக்கு மெஷின் தெரியாது. பனியன் தெரியும்."

எழுதியிருந்தார். ஒன்பது பனியன்களைத் தன் காசில் வாங்கித் துவைத்திருக்கிறார். முதல் ஆறில் அவர்கள் பிராண்ட் இல்லை. ஏழாவதாக இருந்தது. 'துணி மென்மை. பக்கத் தையல் சுத்தம். ஆனால் எட்டாவது துவைப்பில் கழுத்துப் பட்டி, அதாவது ரிப், தொங்கிவிடுகிறது.'

தேஜஸ்ரீக்கு முகம் சுருங்கிப்போயிற்று. பத்ருன்னிசாவோ அந்த வரியையே மூன்று தடவை படித்தாள். கழுத்து ரிப் தொங்குகிறது, லைக்ரா கலந்த ரிப் போடுங்கள் என்று ஆறு மாதமாக அவள்தான் கத்திக்கொண்டிருக்கிறாள். கம்பெனிக்குள் அவளுக்கும் தங்கராஜுக்கும் மட்டுமே தெரிந்த குறை அது. முகம் தெரியாத ஒரு மனுஷன் எட்டுத் தடவை துவைத்துக் கண்டுபிடித்திருக்கிறான்.

"இவரு பொய் சொல்லல கண்ணு. இவரு சொல்ற மெஷினைப் போடு."

அவள் ரூம் அளவுக்கு அவர் சொல்லியிருந்தது சின்ன மெஷின். விலையும் மற்றதில் பாதிதான். தேஜஸ்ரீ அவருடைய லிங்க்கிலேயே ஆர்டர் போட்டாள். "இதுக்கு அவருக்குக் கமிஷன் போகுமுங்க்கா" என்றாள்.

"போகட்டும். உழைச்சிருக்காரு."

அன்று சாயங்காலமே இரண்டு பேரும் தங்கராஜ் முன்னால் போய் நின்றார்கள். எல்லாக் கம்பெனியும் பண்ணுவதுதானே என்று அவர் முதலில் முறைத்தார். "நம்ம பனியனுக்குப் பொய் எழுதின அதே சைட்டை நம்பி, என்ற புள்ளைக்கு ஆகாத மெஷினை வாங்க இருந்தேனுங்க" என்றாள் பத்ருன்னிசா. ரிப்பை மாற்ற மறுநாளே சொல்லிவிட்டார். கமிஷனை நிறுத்தி அந்த இரண்டாம் இடத்தைக் கைவிடத்தான் அவருக்கு ஒரு வாரம் பிடித்தது.

மெஷின் வந்து ஒரு மாதம் ஆயிற்று. இன்ஹேலர் போய்விடவில்லை. டாக்டரும் அப்படிச் சொல்லவில்லையே. ஆனால் விடிகாலையில் எழுந்து உட்கார்ந்து இருமுவது குறைந்திருக்கிறது. ரைசா காலையில் தானாக எழுந்து, "அம்மா, டீ வச்சுட்டியா?" என்று கேட்கும்போதெல்லாம் பத்ருன்னிசாவுக்குக் கண் கலங்கும். சாப்பாட்டை நிறுத்திவிட்டு உண்மையைச் சொன்ன அந்தப் பெண்ணுக்குத் தினமும் தொழுகையில் ஒரு துஆ கேட்கிறாள். வெள்ளிக்கிழமையானால் அவளுக்கென்று தனி டப்பாவில் நெய்ச்சோறும் வருகிறது.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை நெய்ச்சோறு டப்பாவை மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னாள், "அந்த மாதவனுக்கு ஒரு மெயில் போடோணும் கண்ணு. நான் சொல்றேன், நீ அடி."

தேஜஸ்ரீ கம்ப்யூட்டரைத் திறந்தாள்.

"வணக்கமுங்க. நீங்க ஏழாவதாப் போட்ட பனியனைச் செக் பண்ணி அனுப்பினது நான்தானுங்க. உங்களுக்கு ரொம்ப நன்றி. நீங்க எங்களை ரெண்டாவதாப் போட்டிருந்தா, உங்களையும் நம்பியிருக்க மாட்டேன். என்ற மக இப்ப நல்லாத் தூங்கறா."