அடக்குகிறவன்தான் ஆள்வான்

ஹெச்.ஆர். சாம்சன் சார் அந்த வீடியோவை இரண்டாம் முறையும் சிரிக்காமல் பார்த்தார். எதிரே நின்ற தமிழ்ச்செல்வி ஷூவுக்கு மேல்தோல் தைக்கிற லைனில் வேலை செய்பவள். போனுக்குள் அவள்தான் கத்திக்கொண்டிருந்தாள். கம்பெனி வேனில், சீட்டுக் கம்பியைப் பிடித்தபடி, தாமோதரன் சார் குரலில்.

தாமோதரன் திங்கள்தோறும் கேன்டீனில் தன்னம்பிக்கை வகுப்பு எடுப்பவர். அவரைப் போலச் செய்வதற்குக் குரல் மட்டும் போதாது என்று தமிழ்ச்செல்வி சீக்கிரமே கண்டுகொண்டாள். முதலில் யாராலும் மறுக்க முடியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். பிறகு விரலைத் தூக்கி நிறுத்திவிட வேண்டும். கேட்கிறவர்கள் மனசுக்குள் ஒரு பதிலைத் தேடும் நேரத்தில், சம்பந்தமே இல்லாத ஒன்றை அதே உறுதியோடு போட்டு உடைக்க வேண்டும். சொல்கிறவள் சிரித்துவிட்டால் எல்லாம் போச்சு.

"சூரியன் லீவு போடுதா நண்பர்களே? போடல. அதனாலதான் உயரத்துல இருக்கு. நாளைக்குக் காலைல மொட்டைமாடிக்கு ஏறுங்க. இறங்காதீங்க! வெற்றி கதவைத் தட்டுனா திறக்காதீங்க, ஜன்னல் வழியா வரச் சொல்லுங்க. கஷ்டப்பட்டு வந்தாதான் தங்கும். ஜப்பான்ல ஒருத்தர் செருப்பை எப்பவும் கால் மாத்திப் போட்டார். ஊரே சிரிச்சுது. இன்னைக்கு அவர்கிட்ட ரெண்டு செருப்பு இருக்கு!"

வீடியோ அங்கே முடிந்தது.

"ஆண்டு விழாவுல இதையே பேசு. எம்.டி. வர்றாரு" என்றார் சாம்சன். "அந்த பாத்ரூம் விஷயம் மட்டும் வேணாம்."

"சரி சார்" என்று வெளியே வந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. பாத்ரூம் விஷயம் வீடியோவிலேயே இல்லை.

லைனுக்கு ஒரே ஒரு டோக்கன். அது கையில் இருந்தால்தான் கழிப்பறைக்குப் போக முடியும். அதற்குப் பயந்து பாதிப் பேர் தண்ணீரே குடிப்பதில்லை. அதை வைத்து அவள் ஒரே ஒரு முறைதான் பேசினாள். "பாத்ரூம் வருதா? போகாதீங்க. பிரச்சினையைக் கண்டு ஓடுறவன் கோழை. அடக்குங்க. அடக்குறவன்தான் ஆள்வான்!" அன்று மழை, வேனில் நாலைந்து பேர்தான் இருந்தார்கள். அவர்களில் யாரோதான் ஆபீஸில் சொல்லியிருக்க வேண்டும். பக்கத்து சீட்டில் அம்முலு அக்கா. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தவள். சூப்பர்வைசர் வேலை கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறவளும் அவள்தான்.

"இன்னாடீ, ஆபீஸ் ரூம்ல இன்னா சொன்னாங்கோ?" சாயங்காலம் வேனில் அம்முலுவே கேட்டாள்.

"மேடையில பேசச் சொல்றாங்கோக்கா."

"பேசு, பேசு. இனிமே நீ அவுங்கோ ஆளு." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் வேனில் வேறு யாரும் சிரிக்கவில்லை. மறுநாள் தமிழ்ச்செல்வி ஏறியதும் பின் சீட்டுப் பேச்சு நின்றது. காண்ட்ராக்ட் புதுப்பிக்கிற மாதம் அது. பேச மாட்டேன் என்றால் ஆபீஸ் சந்தேகப்படும். பேசினால் இவர்கள் சந்தேகப்படுவார்கள். இதையெல்லாம் யோசித்துத்தான் சாம்சன் சார் கூப்பிட்டாரோ என்றும் தோன்றியது.

விழாவில் சூரியனுக்குச் சிரித்தார்கள். ஜப்பான்காரனுக்கு எம்.டி. தொடையைத் தட்டிச் சிரித்தார். முன்வரிசையில் இருந்த தாமோதரன் தலையை ஆட்டிக்கொண்டு, ஒவ்வொரு வரிக்கும் தன் கை எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டார். பின்னால் பெண்கள் பக்கம் மட்டும் கைதட்டல் கடனுக்கு வந்தது. கம்பெனியே ஏற்பாடு செய்த கிண்டல் யாரைக் கிண்டல் செய்கிறது என்று அவளுக்கே விளங்கவில்லை.

"கடைசியா ஒண்ணு நண்பர்களே" என்றாள். அது ஒத்திகையில் இல்லை. "நமக்கு அவசரமா ஒண்ணு வருது. அப்போ..."

விரலைத் தூக்கினாள். சாம்சன் நாற்காலியின் நுனிக்கு வந்தார். அவள் எதுவும் சொல்லவில்லை. கால்களை மட்டும் ஒட்டி வைத்துக்கொண்டு, தாமோதரனின் பெருமிதத்தோடு கூட்டத்தைப் பார்த்தாள். பின்வரிசையில் யாரோ ஒருத்தி மூச்சு விடுவதுபோல் சிரித்தாள். அது பரவியது. லைன் லைனாகப் பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். எம்.டி. சிரித்தபடியே சாம்சன் பக்கம் குனிந்து, எதற்கு என்று கேட்டார். சாம்சன் எழுந்தார்.

"எதுக்குச் சிரிச்சாங்க?" மேடைக்குப் பின்னால் சாம்சன் அவளிடம் கேட்டார்.

"தெர்லியே சார். நான் ஒண்ணுமே சொல்லலியே."

"திங்கக்கிழமை வந்து பாரு."

வேனில் எல்லாரும் அவளைத் தொட்டுத் தொட்டுப் பேசினார்கள். அம்முலு நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"ஒரு வார்த்த பேசாம சிரிக்க வெச்சிட்டியேடீ! அந்தாளு மூஞ்சிய பாத்தியா?" விழாவில் கொடுத்த ஸ்வீட் பெட்டியைத் திறந்து ஒரு லட்டை எடுத்தாள். "இந்தா, துன்னு."

தமிழ்ச்செல்வி வாங்கிக்கொண்டாள். அம்முலுவின் முகத்தில் சிரிப்பைத் தவிர வேறு ஏதாவது இருக்கிறதா என்று தேடினாள். ஏரிக்கரைத் திருப்பத்தில் வேன் குலுங்கியது. உள்ளங்கைச் சூட்டில் லட்டு பிசுபிசுத்து உதிர்ந்துகொண்டிருந்தது. அவள் வாயருகே கொண்டுபோகவும் இல்லை, கீழே போடவும் இல்லை.